“நான் ஒரு கீபோர்டு”

ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற விரல் நீளப் பலகை 2021 ஜனவரியில் 4 டாலர் விலைக்கு வெளிவந்தது. அதன் மேல் இருக்கும் ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டு கணினியில் செருகினால், திரையில் `RPI-RP2` என்ற பெயரில் ஒரு பென்டிரைவ் தோன்றும். அதற்குள் ஒரு நிரல் கோப்பை இழுத்துப் போட்டால் பென்டிரைவ் மறைந்துவிடும். ஓரிரு நொடிகளில் அதே பலகையை, அதே கேபிள் வழியாக, கணினி கீபோர்டு என்று ஏற்றுக்கொள்ளும். நிரலில் எழுதியிருந்தால், யாரும் தொடாமலே எழுத்துகள் திரையில் ஓடத் தொடங்கும்.

பலகையில் எதுவும் மாறவில்லை. எழுத்துச் சாவி ஒன்றுகூட அதில் கிடையாது. மாறியது, கணினி கேட்ட கேள்விகளுக்கு அந்தச் சில்லு சொன்ன பதில்கள் மட்டுமே. யுஎஸ்பி உலகில் ஒரு கருவி யார் என்பதை அதன் வடிவமோ உள்ளே இருக்கும் பாகங்களோ தீர்மானிப்பதில்லை. அது தன்னைப் பற்றித் தரும் வாக்குமூலம்தான் தீர்மானிக்கிறது. அந்த வாக்குமூலத்தைக் கணினி கேட்டு வாங்கும் சடங்குக்கு எனுமரேஷன் என்று பெயர்.

முதல் அறிவிப்பு ஒரு மின்தடையால் நடக்கிறது. பழைய வகை யுஎஸ்பி கேபிளில் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, டி பிளஸ், டி மைனஸ் என்ற இரண்டு தகவலுக்கு. கணினிப் பக்கம் இந்தத் தகவல் கம்பிகள் இரண்டையும் 15 கிலோ ஓம் மின்தடைகள் பூஜ்ய வோல்ட்டுக்கு இழுத்து வைத்திருக்கும். கருவி தன் பக்கம் 1.5 கிலோ ஓம் மின்தடையால் ஒரு கம்பியை மேலே தூக்கினால், யாரோ வந்திருக்கிறார்கள் என்று கணினிக்குத் தெரியும். டி பிளஸ் உயர்ந்தால் நொடிக்கு 12 மெகாபிட் வேகம், டி மைனஸ் உயர்ந்தால் 1.5 மெகாபிட். பிக்கோவில் இந்த மின்தடை சில்லுக்குள்ளேயே இருக்கிறது. அதை இணைப்பதும் துண்டிப்பதும் நிரலின் கையில். அதனால்தான் கேபிளைப் பிடுங்காமலே பென்டிரைவாக மறைந்து கீபோர்டாக மறுபிறவி எடுக்க அதால் முடிகிறது.

செருகும்போது ஏற்படும் அதிர்வு அடங்க, கணினி 100 மில்லிநொடி பொறுத்திருக்கும். பிறகு இரண்டு தகவல் கம்பிகளையும் குறைந்தது 10 மில்லிநொடி கீழே அழுத்திப் பிடிக்கும். இது ரீசெட். இதற்குப் பின் கருவியின் முகவரி பூஜ்யம். புதிதாக வருபவர்கள் எல்லோருக்கும் அதே முகவரிதான். ஆகவே கணினி ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் வரவேற்க முடியும். அந்தப் பூஜ்யத்தை நோக்கி எட்டு பைட் கொண்ட முதல் கேள்வி போகிறது:

```
80 06 00 01 00 00 40 00
```

முதல் பைட், பதில் கருவியிடமிருந்து கணினிக்கு வரவேண்டும் என்கிறது. 06 என்றால் ‘உன் டிஸ்கிரிப்டரைக் கொடு’. அடுத்த இரண்டு பைட்கள், கேட்பது எந்த வகை டிஸ்கிரிப்டர் என்று சொல்கின்றன. இங்கே 1, அதாவது கருவியின் அடிப்படை அடையாளம். கடைசி இரண்டு பைட்கள், 64 பைட் வரை அனுப்பலாம் என்கின்றன. கருவி தரவேண்டிய பதிலோ 18 பைட்தான். பிறகு ஏன் 64? ஒரே மூச்சில் எத்தனை பைட் பேசக்கூடிய கருவி இது என்று கணினிக்கு இன்னும் தெரியாது. அந்த விவரம் பதிலின் எட்டாவது பைட்டில்தான் இருக்கிறது. அதுவரை வந்து சேர்ந்தால் போதும். பெரும்பாலும் கணினி மறுபடி ஒரு ரீசெட் கொடுத்துவிட்டு, கருவிக்கு 1 முதல் 127 வரை ஒரு முகவரியை ஒதுக்குகிறது.

யுஎஸ்பி நிரலைத் தாமே எழுதிப் பார்ப்பவர்கள் வழக்கமாகச் சறுக்குவது இந்த இடத்தில்தான். ‘உன் முகவரி இனி 7’ என்று கணினி சொன்னதும் நிரல் உடனே 7 ஆகிவிடக்கூடாது. ‘சரி’ என்ற ஒப்புதலைப் பூஜ்யத்திலிருந்தே அனுப்பி முடித்த பிறகுதான் மாறவேண்டும். அவசரப்பட்டு மாறினால், கணினி பூஜ்யத்தில் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும். கருவியோ ஏழில் உட்கார்ந்திருக்கும். கணினி சிலமுறை முயன்று கைவிட்டுவிடும்.

எங்கே தடுக்கியது என்பதை லினக்ஸில் `dmesg` கட்டளை காட்டிக்கொடுக்கும். `new full-speed USB device` என்ற வரி வந்தால் மின்தடை வேலை செய்கிறது என்று பொருள். அதற்கு அடுத்து `device descriptor read/64, error -71` என்று வந்தால், கருவி இருப்பது தெரிகிறது, முதல் கேள்விக்கு ஒழுங்கான பதில் இல்லை. எந்த வரியுமே வராவிட்டால் நிரலைக் குடைவதற்கு முன் கேபிளைப் பார்ப்பது நல்லது. சார்ஜ் செய்ய மட்டும் பயன்படும் கேபிள்களில் தகவல் கம்பிகளே இருக்காது. விளக்கு எரியும், பேச்சு இருக்காது.

முகவரி கிடைத்த பிறகு உரையாடல் விரிகிறது. முழு 18 பைட்டையும் கணினி மறுபடி கேட்டு வாங்குகிறது. தயாரிப்பாளர் எண், தயாரிப்பு எண் எல்லாம் அதில் இருக்கின்றன. கீபோர்டு என்ற சொல் மட்டும் இல்லை. அது அடுத்த கட்டமான கான்ஃபிகரேஷன் டிஸ்கிரிப்டரில் வருகிறது. எளிய கீபோர்டுக்கு இந்தத் தொகுப்பு மொத்தம் 34 பைட். அதற்குள் மூன்று எண்கள் முக்கியம்: வகுப்பு 3, உள்வகுப்பு 1, நெறி 1. வகுப்பு 3 என்றால் மனிதர் கையாளும் கருவி, சுருக்கமாக எச்ஐடி. மற்ற இரண்டும், பூட் நேரத்திலும் வேலை செய்யக்கூடிய கீபோர்டு என்று அறிவிக்கின்றன.

இதைச் சொன்னதும் கணினி நம்பிவிடுகிறது. சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் யுஎஸ்பி விதிகளில் கட்டாயமில்லை. கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2014-இல் லாஸ் வேகாஸ் பிளாக் ஹாட் மாநாட்டில் ‘பேட்யுஎஸ்பி’ என்ற பெயரில் காட்டியது இந்த நம்பிக்கையின் விளைவைத்தான். சாதாரணப் பென்டிரைவின் உள்நிரலை மாற்றி, அதைக் கீபோர்டு என்று சொல்லவைத்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்யவைத்தார்கள். வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு அங்கே தேடக் கோப்பு எதுவும் கிடைக்காது. தெரிவதெல்லாம் வேகமாகத் தட்டச்சு செய்யும் ஒரு கீபோர்டுதான்.

கீபோர்டு என்று சொன்னால் போதாது. என்ன வடிவில் பேசப்போகிறேன் என்பதையும் கருவி சொல்லவேண்டும். அதுதான் ரிப்போர்ட் டிஸ்கிரிப்டர். இனி வரப்போகும் ஒவ்வொரு செய்தியிலும் எந்த பிட் எதைக் குறிக்கும் என்று முன்கூட்டியே கொடுக்கும் காலிப் படிவம் அது. வழக்கமான கீபோர்டின் செய்தி எட்டு பைட். முதல் பைட்டின் எட்டு பிட்கள் இடமும் வலமுமாக கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட், விண்டோஸ் சாவிகள். இரண்டாவது பைட் சும்மா விடப்படுகிறது. மீதி ஆறு பைட்களில், அந்தக் கணத்தில் அழுத்தப்பட்டிருக்கும் சாவிகளின் எண்கள். முதல் பைட்டைக் கருவி இப்படி விவரிக்கிறது:

```
05 07   19 E0   29 E7
15 00   25 01
75 01   95 08   81 02
```

முதல் வரி, கீபோர்டு பட்டியலில் E0 முதல் E7 வரையிலான சாவிகள் என்கிறது. இரண்டாம் வரி, மதிப்பு 0 அல்லது 1 என்கிறது. மூன்றாம் வரியில் 75 01 என்றால் ஒவ்வொன்றும் ஒரு பிட், 95 08 என்றால் அப்படி எட்டு, 81 02 என்றால் இவை கணினிக்குள் வரும் தகவல். இதே பாணியில் மற்ற ஏழு பைட்களும் விவரிக்கப்படுகின்றன.

A சாவியின் எண் 04. பெரிய எழுத்து A வேண்டுமானால் இடது ஷிஃப்ட்டும் சேரவேண்டும். அது இரண்டாவது பிட், மதிப்பு 02. ஆக, செய்தி இது:

```
02 00 04 00 00 00 00 00
```

இதற்குப் பின் எட்டுப் பூஜ்யங்களை அனுப்பவேண்டும். அதுதான் விரலை எடுத்ததற்கு அடையாளம். அதை மறந்தால், சாவி இன்னும் அழுத்தப்பட்டே இருப்பதாகக் கருதி கணினி AAAAAA என்று நிரப்பிக்கொண்டே போகும். கருவி தானாக எதையும் அனுப்பிவிடவும் முடியாது. கணினி சில மில்லிநொடிக்கு ஒருமுறை ‘ஏதாவது உண்டா’ என்று கேட்கும்; அப்போதுதான் பேசலாம்.

இந்தப் படிவத்தில் ஒரே ஒரு எண்ணைத் தவறாக எழுதினால் என்ன ஆகும்? மேலே உள்ள 95 08-க்குப் பதில் 95 07 என்று விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் பகுதி எட்டு பிட்டுக்குப் பதில் ஏழு பிட் ஆகிறது. அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே ஒரு பிட் முன்னால் நகர்கின்றன. கருவி அதே எட்டு பைட்டைத்தான் அனுப்புகிறது. லினக்ஸ் கணினி அதை ஒரு பிட் தள்ளி வாசிக்கிறது. எண்ணில் அது இருமடங்காகத் தெரியும். 04 அனுப்பினால் 08 என்று படிக்கப்படும். 08 என்பது E சாவி. A அழுத்தினால் e வரும், B அழுத்தினால் g வரும், M அழுத்தினால் 3 வரும். Z-இன் எண் 1D, அதன் இருமடங்கு 3A. அது F1 சாவி, ஆகவே உதவிச் சாளரம் திறந்துகொள்ளக்கூடும். என்டர் அழுத்தினால் கர்சர் இடப்பக்கம் நகரும்.

இதில் கண்டுபிடிக்க உதவும் ஒரு துப்பு உண்டு. இதே கருவியைக் கணினியின் பயாஸ் திரையில் பயன்படுத்தினால் பெரும்பாலும் A என்பது A ஆகவே வரும்! பயாஸ் சின்ன மென்பொருள். ரிப்போர்ட் டிஸ்கிரிப்டரைப் படித்து அர்த்தம் பிரிக்கும் வேலையை அது வழக்கமாக வைத்துக்கொள்வதில்லை. உள்வகுப்பு 1, நெறி 1 என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு, எட்டு பைட் வழக்கமான வரிசையில் வரும் என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே பயாஸில் சரி, லினக்ஸில் தப்பு என்றால் பிழை செய்தியில் இல்லை, படிவத்தில் இருக்கிறது. `sudo usbhid-dump` கட்டளை அந்தப் படிவத்தின் பைட்களை அப்படியே கொட்டிக் காட்டும். பிட்களைக் கூட்டிப் பார்த்தால் 64-க்குப் பதில் 63 வரும்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும், கருவி அனுப்புவது எழுத்து அல்ல, சாவியின் இடம். 04 என்ற எண் அமெரிக்க அமைப்பில் a. பிரெஞ்சு அமைப்பில் q. தமிழ்99 அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கும் கணினியில் அ. தமிழில் தட்டச்சு செய்யும் ஒரு பிக்கோவைச் செய்ய விரும்புபவர் ‘அ’ என்ற எழுத்தை அனுப்ப வழியே இல்லை. 04-ஐ அனுப்பிவிட்டு, எதிர்ப்பக்கம் தமிழ்99 இயங்குகிறது என்று நம்பத்தான் வேண்டும்.

கடவுச்சொல்லைத் தானே தட்டச்சு செய்யும் யுபிகீ என்ற பாதுகாப்புச் சாவியை உருவாக்கியவர்களும் இந்தச் சிக்கலைச் சந்தித்தார்கள். எந்த நாட்டுக் கணினியில் செருகப்படும் என்று அவர்களால் சொல்ல முடியாது. பெரும்பாலான லத்தீன் அமைப்புகளில் ஒரே இடத்தில் இருக்கும் 16 எழுத்துகளை மட்டும் பொறுக்கி, குறியீடுகள் அனைத்தையும் அவற்றாலேயே எழுதினார்கள்: `cbdefghijklnrtuv`. பிரான்ஸில் இடம் மாறும் a, q, w, z, m ஆகிய ஐந்தும் அதில் இல்லை.