மூன்று கிலோமீட்டருக்குள் ஒரு தீபாவளி

மேற்கு மாம்பலத்தில் ஓர் இனிப்புக்கடை. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு, கூகுளில் தினம் 500 ரூபாய்க்கு விளம்பரம் கொடுக்கிறார் கடைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் விளம்பரத்தைத் தொடுவதற்கு 10 ரூபாய் ஆனால், நாளுக்கு 50 பேர் வருவார்கள். அந்த 50 பேரும் கடைக்கு வரக்கூடியவர்களா என்பதில்தான் பணம் நிற்கிறது.

கடையை நடுவில் வைத்து மூன்று கிலோமீட்டர் வட்டம் போடலாம். ஆனால் வட்டத்துக்கு ரயில் பாதை தெரியாது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தி.நகர், துணி எடுக்க எங்கிருந்தெல்லாமோ வந்த கூட்டம் அத்தனையும் வட்டத்துக்குள் விழுந்துவிடும். கையில் பைகளோடு நிற்பவர் சுரங்கப்பாதை தாண்டி மைசூர்பாகு வாங்க வரமாட்டார். அதனால் ஒரே பெரிய வட்டத்துக்குப் பதில், மேற்கே அசோக் நகர்ப் பக்கமாகச் சின்னச் சின்ன வட்டங்கள் இரண்டு மூன்று போடுவதே நல்லது.

வட்டம் சரியாக இருந்தும் பணம் ஒழுக ஒரு வழி உண்டு. இடத் தேர்வுக்குக் கீழே மறைவாக இருக்கும் அமைப்பில், நாம் மாற்றாதவரை Presence or interest என்றே இருக்கும். ஊரில் இருப்பவர்களோடு, அந்த ஊரைப் பற்றித் தேடுகிறவர்களுக்கும் விளம்பரம் போகும் என்று இதற்குப் பொருள். கோவையில் இருந்துகொண்டு மாம்பலம் கடைகளைத் தேடுகிறவரும் இதில் அடக்கம். இதை Presence என்று மாற்ற வேண்டும். கூரியரில் அனுப்பும் கடையானால், வெளியூருக்குத் தனி விளம்பரமாகக் கொடுக்கலாம். இரண்டையும் ஒன்றில் கலந்தால் எது பயன் தந்தது என்று தெரியாது.

அடுத்தது, விளம்பரத்தோடு போன் நம்பரைச் சேர்ப்பது. செல்போனில் பார்ப்பவர் அதைத் தொட்டாலே அழைப்புப் போகும். தொட்டதற்குக் கட்டணம் உண்டு. நீங்கள் எடுத்தீர்களா இல்லையா என்பது கணக்கில் வராது. கல்லாவில் கூட்டம் நெரியும் மாலை ஆறு மணிக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தால் அது வெறும் செலவு. நம்பர் எந்த நேரத்தில் தெரியலாம் என்று குறிக்க வசதி இருக்கிறது. காலை பத்திலிருந்து ஒன்று வரை என்று வைத்து, விலையும் கிலோவும் சொல்லத் தெரிந்த ஒருவரிடம் போனைக் கொடுங்கள். அலுவலகங்களுக்கு ஐம்பது பெட்டி, நூறு பெட்டி கேட்பவர்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் அழைப்பார்கள். பண்டிகைக்கு முந்தைய இரண்டு நாள் நம்பரை எடுத்துவிடலாம். அப்போது புது ஆர்டர் எடுத்தாலும் அடுப்பு தாங்காது.

நகைக்கடைக்கு அட்சய திருதியையிலும் இதே வழிதான். ஆனால் 'இன்றைய தங்கம் விலை' என்ற தேடலுக்கு விளம்பரம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விலை பார்ப்பவர் பலர் விலையோடு போய்விடுவார்கள். இனிப்புக்கடைக்காரர் 'செய்வது எப்படி' என்ற தேடலை விலக்கு பட்டியலில் சேர்ப்பதும் இதே காரணத்தால்தான்.

ஒரு நாளில் 500 ரூபாய்க்குப் பதில் 900 போயிருந்தால் பதற வேண்டாம். கூட்டமான நாளில் கூகுள் இரண்டு மடங்குவரை செலவழித்து, மாதக் கணக்கில் சரிக்கட்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள்: அழைத்தவர் எந்தத் தெரு, எத்தனை கிலோ. ஒரு வாரத்தில் எந்த வட்டத்தை அழிக்கலாம் என்பது அதிலேயே தெரியும்.