வடை வியாபாரத்தில் இலாபம் எந்த வடையில் தொடங்குகிறது?



கரவனெல்ல சந்தியில் ஹட்டன் வீதியும் கேகாலை வீதியும் சேர்கின்றன. பஸ் ஏற வருபவர்களும் ஆஸ்பத்திரிக்கு வருபவர்களும் இருப்பதால், லயத்தில் பருப்பு வடை சுட்டு அங்கே கொடுத்து விற்கலாமே என்று பல அக்காமார் நம்மிடம் கேட்பதுண்டு. விற்கலாம். ஆனால் கையில் புரளும் காசெல்லாம் இலாபம் இல்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நாளைக்கு 40 வடை, ஒன்று 50 ரூபா. கடலைப் பருப்பு, எண்ணெய், வெங்காயம், மிளகாய், காஸ், கடதாசி எல்லாம் சேர்த்து அன்றைய செலவு 1,200 ரூபா என்று வைப்போம். அதை 40ஆல் பிரித்தால் ஒரு வடைக்கு 30 ரூபா. இது வடை கூடினால் கூடும், குறைந்தால் குறையும் செலவு. விற்ற விலையில் இதைக் கழித்தால் மிஞ்சுவது 20 ரூபா. இந்த 20 ரூபாவுக்குப் பெயர் பங்களிப்பு.

வடை விற்றாலும் விற்காவிட்டாலும் கட்ட வேண்டிய செலவு வேறு இருக்கிறது. கிரைண்டர் கடன் தவணை 5,000, ஆட்டோக்காரருக்கு மாதக் கூலி 4,000, தட்டு வைக்கும் இடத்துக்கு 3,000. மொத்தம் 12,000 ரூபா. இதை 20ஆல் பிரித்தால் 600. அதாவது மாதத்தில் முதல் 600 வடையும் இந்தச் செலவை அடைக்கத்தான் போகும். இதுவே இலாப நட்டமற்ற புள்ளி. 601ஆவது வடையில்தான் நமக்கு 20 ரூபா கிடைக்கும்.

25 நாள் விற்றால் 1,000 வடை. 600ஐக் கழித்தால் 400. வியாபாரம் 400 வடை குறையும் வரை நட்டம் வராது. இதுதான் பாதுகாப்பு எல்லை; நூற்றுக்கு 40. மாத இலாபம் 8,000 ரூபா.

இந்த எல்லை எப்படிச் சுருங்கும்? 2022 ஏப்ரலில் 12.5 கிலோ லிட்ரோ காஸ் 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவுக்கு ஏறியது. ஒரு சிலிண்டரில் 1,000 வடை சுட்டால், காஸ் மட்டுமே வடைக்கு 2 ரூபாவுக்கு மேல் கூடும். எண்ணெயும் ஏறி, மொத்தம் 5 ரூபா கூடியது என்று வைப்போம். பங்களிப்பு 15 ஆகிவிடும். 12,000ஐ 15ஆல் பிரித்தால் 800. பாதுகாப்பு எல்லை 200 வடை, இலாபம் வெறும் 3,000. விற்பனை ஒன்றும் குறையவில்லை, ஆனாலும் கையில் காசு நிற்காது.

விலையை 55 ஆக்கினால் வாங்குபவர்கள் போய்விடுவார்களோ என்ற பயம் வரும். பங்களிப்பு திரும்ப 20 ஆவதால், 750 வடை விற்றாலே அதே 3,000 கிடைக்கும். ஆகவே நாளைக்கு 10 வடை குறைந்தாலும் முன்னைய நிலையே. அதற்கு மேல் குறைந்தால்தான் விலையேற்றம் பிழை.

இன்னொன்று: விற்காமல் திரும்பும் ஒரு வடை 30 ரூபாவைத் தின்னும். ஒன்றரை வடை விற்ற பங்களிப்பு அது. பிள்ளைகள் வீட்டில் சாப்பிட்டதையும் கொப்பியில் எழுதுங்கள். நமது உழைப்புக்கான கூலியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மாத முடிவில் மிஞ்சும் 8,000தான் அந்தக் கூலியும்.