குதிரை உதையும் இரண்டு வகைக்கெழுக்களும்

பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்துபோன வீரர்களின் கணக்கு இன்றும் புள்ளியியல் வகுப்புகளில் பாடமாக நடத்தப்படுகிறது. லாடிஸ்லாஸ் போர்ட்கெவிச் 1898இல் வெளியிட்ட சிறு நூலில் அந்தக் கணக்கு இருக்கிறது. 1875 முதல் 1894 வரை 20 ஆண்டுகள், 14 படைப்பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேர் இப்படி இறந்தார்கள் என்ற பட்டியல் அது. அவற்றில் 4 பிரிவுகளின் படை அமைப்பு மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. அவற்றை ஒதுக்கிவிட்டு, மீதி 10 பிரிவுகளை முதலில் எடுத்துக்கொள்வோம். 10 பிரிவு, 20 ஆண்டு என்றால் மொத்தம் 200 பதிவுகள்.

அந்த 200இல் 109 பதிவுகளில் ஒருவரும் இறக்கவில்லை. 65இல் ஒருவர், 22இல் இருவர், 3இல் மூவர், 1இல் நால்வர். மரணங்களின் எண்ணிக்கை 0, 1, 2 என்று முழு எண்ணாகத்தான் வரும். ஒன்றரை மரணம் என்பது கிடையாது. இப்படித் தனித்தனி மதிப்புகளை மட்டும் எடுக்கும் பரவலைத் தனிநிலைப் பரவல் என்கிறோம். அதைப் பற்றி நாம் முதலில் கேட்கும் கேள்விகள் இரண்டு. சராசரி எவ்வளவு? அந்தச் சராசரியைச் சுற்றி மதிப்புகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன? இரண்டாவதற்கு விடை தரும் எண்ணின் பெயர் பரவற்படி.

இரண்டையும் ஒரே சார்பிலிருந்து எடுத்துவிடலாம். பாடநூல்கள் அதை ‘விலக்கப் பெருக்குத் தொகை உருவாக்கும் சார்பு’ என்கின்றன. கல்லூரி மாணவர்களின் வாயில் அது ‘எம்.ஜி.எஃப்.’ அதை அமைப்பது எளிது. x என்ற மதிப்புக்குப் பதிலாக e^(tx) என்று எழுதி, அந்த மதிப்பு வரும் நிகழ்தகவால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். t என்பது நாமாகச் சேர்த்துக்கொள்ளும் ஒரு துணை மாறி. குதிரைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. நம் பட்டியலுக்கு அந்தச் சார்பு இது:

M(t) = (109 + 65e^t + 22e^(2t) + 3e^(3t) + e^(4t)) / 200

பட்டியலில் இருந்த எல்லாமே இந்த ஒரு வரியில் இருக்கிறது. மரண எண்ணிக்கைகள் அடுக்கில் ஏறியிருக்கின்றன, அவை எத்தனை முறை வந்தன என்பது முன்னால் நிற்கிறது. t = 0 என்று போட்டால் ஒவ்வொரு e அடுக்கும் 1 ஆகிவிடும்; 200/200 = 1 கிடைக்கும். எந்தப் பரவலாக இருந்தாலும் இந்த விடை 1 ஆகத்தான் வர வேண்டும். வராவிட்டால் நிகழ்தகவுகளை எழுதியதிலேயே பிழை இருக்கிறது.

இனி ஒரு முறை வகையிடுவோம். e^(3t)ஐ t குறித்து வகையிட்டால் 3e^(3t) வரும். அடுக்கில் இருந்த 3 கீழே இறங்கி முன்னால் நிற்கும். இந்தச் சார்புக்கு e தேர்ந்தெடுக்கப்பட்டதே இந்தக் குணத்துக்காகத்தான்.

M′(t) = (65e^t + 44e^(2t) + 9e^(3t) + 4e^(4t)) / 200

மதிப்பு ஒவ்வொன்றும் அது வந்த எண்ணிக்கையோடு பெருகிவிட்டது. சராசரி காண நாம் கையால் செய்யும் வேலையும் இதுவேதான். இப்போது t = 0 என்று போட்டு e அடுக்குகளை நீக்கிவிட்டால் 122/200, அதாவது 0.61. ஒரு படைப்பிரிவில் ஓர் ஆண்டுக்குச் சராசரியாக 0.61 மரணம்.

மறுபடி வகையிட்டால் அடுக்கில் உள்ள எண் இன்னொரு முறை இறங்கும். ஆக ஒவ்வொரு மதிப்பின் வர்க்கமும் முன்னால் வந்து நிற்கும். t = 0இல் 65 + 88 + 27 + 16 = 196; 196/200 = 0.98.

மாணவர்கள் பலர் இந்த 0.98ஐயே பரவற்படி என்று எழுதிவிடுகிறார்கள். இது வர்க்கங்களின் சராசரிதான். பரவற்படி வேண்டுமானால் இதிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும்: 0.98 − 0.3721 = 0.6079. அடிக்கடி நேரும் இன்னொரு பிழை, வகையிடுவதற்கு முன்பே t = 0 என்று போட்டுவிடுவது. அப்படிச் செய்தால் கையில் மிஞ்சுவது 1 என்ற மாறிலி மட்டுமே. அதை எத்தனை முறை வகையிட்டாலும் பூஜ்யம்தான். முதலில் வகையிட வேண்டும், பிறகே பூஜ்யத்தைப் போட வேண்டும்.

ஐந்து வரிப் பட்டியலுக்கு இவ்வளவு தேவையா என்றால், தேவையில்லை; கூட்டிப் பெருக்கியே சராசரியைக் கண்டுவிடலாம். மதிப்புகளின் வரிசை முடிவில்லாமல் நீளும்போதுதான் இந்தச் சார்பு கைகொடுக்கிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் பாய்சானின் பெயரால் வழங்கும் பரவல் அப்படிப்பட்டது. எப்போதாவது, ஒன்றையொன்று சாராமல் நடக்கும் நிகழ்வுகளின் எண்ணிக்கையை அது விவரிக்கும். அதில் 0, 1, 2 என்று எந்த எண்ணும் வரலாம். ஆனால் அதன் எம்.ஜி.எஃப்.பில் அந்த முடிவிலாக் கூட்டல் ஒரு சிறிய வடிவுக்குள் அடங்கிவிடுகிறது:

M(t) = e^(λ(e^t − 1))

ஒரு முறை வகையிட்டால் λe^t M(t); t = 0இல் விடை λ. இரண்டாம் முறை வகையிட்டு t = 0 என்று போட்டால் λ + λ². இதிலிருந்து சராசரியின் வர்க்கமான λ²ஐக் கழித்தால் மீதம் λ. ஆகவே பாய்சான் பரவலில் சராசரியும் பரவற்படியும் ஒன்றே.

இதை வைத்துக்கொண்டு குதிரைக் கணக்குக்குத் திரும்பினால், சராசரி 0.61, பரவற்படி 0.6079. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. λ = 0.61 என்று வைத்துப் பாய்சான் பரவலைக் கணக்கிட்டால், மரணமே இல்லாத பதிவுகள் ஏறத்தாழ 108.7 வர வேண்டும். பட்டியலில் இருப்பது 109. ஒருவர் இறந்த பதிவுகள் 66.3 வர வேண்டும், இருப்பது 65.

எல்லாப் பரவலுக்கும் இந்த வழி திறந்திருக்காது. n என்ற மதிப்பு வரும் நிகழ்தகவு 1/n³க்கு நேர்விகிதத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்குச் சராசரி உண்டு. ஆனால் t பூஜ்யத்தைவிடக் கொஞ்சம் அதிகமானாலும் போதும், e^(tn) என்பது n³ஐ முந்திக்கொண்டு ஓடும், கூட்டுத்தொகை முடிவிலியாகிவிடும். பூஜ்யத்தின் இருபுறமும் சிறிது தூரத்துக்காவது M(t) முடிவுள்ள எண்ணாக இருந்தால்தான் அங்கே வகையிட முடியும்.

இனி, ஒதுக்கி வைத்த 4 பிரிவுகளையும் சேர்த்துப் பார்ப்போம். பதிவுகள் 280 ஆகின்றன. அவற்றில் 0 மரணம் 144, 1 மரணம் 91, 2 மரணம் 32, 3 மரணம் 11, 4 மரணம் 2. அதே இரண்டு படிகளைச் செய்தால் முதல் வகைக்கெழு 196/280 = 0.70, இரண்டாவது 350/280 = 1.25. பரவற்படி 1.25 − 0.49 = 0.76. இப்போது பரவற்படி சராசரியைத் தாண்டிவிட்டது.

காரணத்தையும் அதே வகைக்கெழுக்கள் சொல்லும். பிரிவுக்குப் பிரிவு λ வேறாக இருந்தால், மொத்தக் கணக்கின் சராசரி அந்த λக்களின் சராசரி. வர்க்கங்களின் சராசரியோ λ + λ² என்பதன் சராசரி. இரண்டிலிருந்தும் பரவற்படியைக் கண்டால், சராசரியோடு λக்களின் சொந்தப் பரவற்படியும் கூடுதலாக வந்து சேரும். பிரிவுகளுக்கிடையே வேறுபாடு இருக்கும்வரை அது பூஜ்யமாகாது.

0.70க்கும் 0.76க்கும் உள்ள இடைவெளி சிறியது. 280 பதிவுகளில் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பட்டியலைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்தால், 10 பிரிவுகளின் சராசரி 0.61, மற்ற 4 பிரிவுகளில் 80 பதிவுகளுக்கு 74 மரணங்கள், சராசரி 0.925. அந்த 4 பிரிவுகளைத் தனியே ஒதுக்கியதற்கு இந்த எண்களும் துணை நிற்கின்றன. எண்ணிக்கைப் பட்டியல் எதுவானாலும் சராசரியையும் பரவற்படியையும் அருகருகே எழுதிப் பாருங்கள். பரவற்படி தெளிவாக மிஞ்சி நின்றால், ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டங்கள் அதில் கலந்திருக்கின்றனவா என்று முதலில் தேட வேண்டும்.