நாற்பதில் மூன்று: அந்தச் சீட்டு கைக்கு வருமா?

ஜப்பானில் கசுகி தகாஹாஷி 1996-இல் வரையத் தொடங்கிய 'யு-கி-ஓ' படக்கதை, மூன்றே ஆண்டுகளில் நிஜமான சீட்டு விளையாட்டாகிவிட்டது. கொனாமி நிறுவனம் 1999-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரம்மி போல எல்லோருக்கும் பொதுவான கட்டு இதில் கிடையாது. ஆளுக்கொரு கட்டை அவரவரே சேர்த்துக்கொண்டு வரவேண்டும். கட்டில் குறைந்தது 40 சீட்டு, அதிகபட்சம் 60. ஒரே சீட்டை மூன்று பிரதிகளுக்கு மேல் வைக்கக்கூடாது. ஆட்டம் தொடங்கும்போது இருவரும் ஐந்தைந்து சீட்டு எடுப்பார்கள். முதலில் ஆடுபவர் தன் முதல் முறையில் புதுச்சீட்டு எடுக்கக்கூடாது என்ற விதி 2014-இல் வந்தது. இரண்டாவதாக ஆடுபவருக்கு அவர் முறை வந்ததும் ஆறாவது சீட்டு கிடைக்கும்.

இன்றைய யு-கி-ஓ ஆட்டம் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று முறைகளிலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. அதனால் ஆட்டக்காரர்கள் கட்டு சேர்க்க உட்காரும்போதே ஒரு கேள்வி முன்னால் வந்து நிற்கும். என் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் அந்த ஒரு சீட்டை மூன்று பிரதி வைத்திருக்கிறேன்; தொடக்கக் கையில் அது வருமா?

பலர் சட்டென்று சொல்லும் கணக்கு இது: ஒரு பிரதி ஐந்து சீட்டுக்குள் வர 40-இல் 5 வாய்ப்பு, அதாவது 12.5 சதவீதம், மூன்று பிரதிக்கு அதை மூன்றால் பெருக்கினால் 37.5. விடை கிட்டத்தட்ட சரி போலத் தெரியும். ஆனால் இரண்டு பிரதிகள் ஒரே கையில் சேர்ந்து வரும்போது அந்தக் கையை இது இரண்டு முறை எண்ணிவிடுகிறது. இதே கணக்கைப் பத்துப் பிரதிக்குப் போட்டால் 125 சதவீதம் வந்து நிற்கும். நூறைத் தாண்டும் வாய்ப்பு என்று ஒன்று கிடையாது.

சரியான வழி, வராமல் போவதை முதலில் எண்ணுவது. முதல் சீட்டு எடுக்கும்போது கட்டில் 40 இருக்கின்றன. நமக்கு வேண்டாதவை 37. ஆகவே வேண்டாத சீட்டு வர வாய்ப்பு 37/40. அது வந்துவிட்டால் மீதி 39 சீட்டு, வேண்டாதவை 36. அடுத்தது 36/39. இப்படியே ஐந்து படி:

```
37/40 × 36/39 × 35/38 × 34/37 × 33/36 = 0.6624
```

ஐந்து முறையும் ஏமாற்றமாக முடிய 66.2 சதவீதம். நூறிலிருந்து கழித்தால் 33.8. மூன்று பிரதி வைத்தும், தொடக்கக் கையில் அந்தச் சீட்டு ஒன்றாவது இருப்பது ஏறக்குறைய மூன்று ஆட்டத்தில் ஒரு ஆட்டத்தில்தான்.

எடுத்த சீட்டைத் திருப்பி வைக்காமல் எடுத்துக்கொண்டே போகும்போது பொருந்தும் இந்தக் கணக்குக்கு ஹைப்பர்ஜியோமெட்ரிக் நிகழ்தகவு என்று பெயர். பகடையை எத்தனை முறை உருட்டினாலும் ஆறு விழும் வாய்ப்பு மாறாது. சீட்டுக்கட்டில் ஒவ்வொரு சீட்டு போகும்போதும் மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் மாறுகின்றன. ஒவ்வொரு முறையும் சீட்டைத் திருப்பி வைத்துக் கலைத்து எடுப்பதாக வைத்துக்கொண்டால் விடை 32.3 என்று வரும். உண்மையைவிட ஒன்றரைப் புள்ளி குறைவு. சீட்டு குறையக் குறைய மீதமுள்ளவற்றில் நமக்கு வேண்டியதன் பங்கு கூடுகிறது என்பதே அந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

கணக்கைக் கையால் போட வேண்டியதில்லை. எக்செலிலும் கூகுள் ஷீட்ஸிலும் இதற்கு ஒரு வாய்பாடு இருக்கிறது:

```
=1-HYPGEOMDIST(0,5,3,40)
```

அடைப்புக்குள் முதலில் இருக்கும் 0, அந்தச் சீட்டு ஒன்றும் வராத நிலை. அடுத்து எடுக்கும் சீட்டு 5, பிரதிகள் 3, கட்டு 40. எண்களை மாற்றிப் போட்டால் எந்தக் கட்டுக்கும் விடை கிடைக்கும். அனுமதிக்கப்பட்டது இரண்டு பிரதிதான் என்றால் 23.7. ஒன்றுதான் என்றால் அதே 12.5.

இனி ஆறாவது சீட்டுக்கு வருவோம். இரண்டாவதாக ஆடுபவருக்கு ஆறு சீட்டு என்பதால் மூன்று பிரதிக்கான வாய்ப்பு 39.4 ஆக உயர்கிறது. ஆனால் எல்லாச் சீட்டுக்கும் இந்த எண்ணைப் போட்டுவிடக் கூடாது. அனுபவமுள்ளவர்களும் தடுமாறும் இடம் இது. ஆஷ் பிளாசம் என்றொரு சீட்டு இருக்கிறது. எதிராளி தன் கட்டிலிருந்து ஒரு சீட்டைத் தேடி எடுக்க முயலும்போது, இதைக் கையிலிருந்து கழித்து அந்த முயற்சியையே செல்லாததாக்கிவிடலாம். எதிராளியின் முதல் முறையிலேயே போடுவதற்காக வைத்திருக்கும் சீட்டு இது. அந்த நேரத்தில் இரண்டாம் ஆட்டக்காரர் கையில் ஐந்து சீட்டுதான் இருக்கும்; ஆறாவது வருவதற்குள் எதிராளி நினைத்ததை முடித்திருப்பார். ஆகவே ஆஷ் பிளாசத்துக்கு 33.8தான் கணக்கு. எதிராளி களத்தில் அடுக்கிவைத்ததைத் தன் முறையில் அழிக்கும் ராய்கெகி போன்ற சீட்டுக்குத்தான் 39.4 பொருந்தும். எந்தச் சீட்டு எந்த நேரத்தில் வேண்டும் என்று முடிவுசெய்த பிறகே எத்தனை சீட்டு எடுத்திருப்போம் என்பதை வாய்பாட்டில் எழுத வேண்டும்.

இரண்டாவதாக ஆடுபவர் தன் மூன்றாவது முறைக்குள் மொத்தம் எட்டு சீட்டு பார்த்திருப்பார். எட்டுக்குக் கணக்கு போட்டால் 49.8 சதவீதம், கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, 'தொடக்கத்தில் வராவிட்டால் என்ன, மூன்றாவது முறைக்குள் பாதி வாய்ப்பு இருக்கிறதே' என்று தைரியம் கொள்பவர்கள் உண்டு. அது தவறான தைரியம். 49.8 என்பது ஒரு சீட்டும் எடுக்காதபோது சொன்ன எண். அதில் பெரும்பகுதி தொடக்கக் கையிலேயே செலவாகிவிட்டது. ஐந்து சீட்டும் எடுத்து, அதில் அந்தச் சீட்டு இல்லை என்று கண்ட பிறகு நிலைமை வேறு. மீதி 35 சீட்டில் 3 பிரதிகள். அடுத்த சீட்டு அதுவாக இருக்க 3/35, அதாவது 8.6 சதவீதம். அதுவும் பொய்த்தால் 3/34, வெறும் 8.8. மூன்று முறை எடுத்தும் சேர்த்துப் பார்த்தால் 24.2 சதவீதம்தான். இவ்வளவு நேரம் வரவில்லை, இனி வந்தே தீரும் என்ற எண்ணத்துக்கு இந்தக் கணக்கில் ஆதாரமே இல்லை. ஒவ்வொரு முறையும் வாய்ப்பு கூடுவது உண்மைதான். கால் புள்ளி அளவுக்குத்தான் கூடுகிறது.

அப்படியானால் ஒரே சீட்டை நம்பி எப்படிக் கட்டு சேர்ப்பது? நம்புவதில்லை. அந்தச் சீட்டைக் கட்டிலிருந்து தேடி எடுத்துத் தரும் வேறு சீட்டுகளையும் சேர்க்கிறார்கள். தேடித் தரும் சீட்டு மூன்று பிரதி இருந்தால் மூன்று ஆறாகிறது, வாய்ப்பு 33.8-லிருந்து 57.7-க்குத் தாவுகிறது. ஒன்பது என்றால் 74.2. பன்னிரண்டு என்றால் 85.1. முதல் மூன்று சேர்ந்தபோது 24 புள்ளி கூடியது, அடுத்த மூன்றுக்கு 16, அதற்கடுத்த மூன்றுக்கு 11. பன்னிரண்டு வைத்தும் ஏறக்குறைய ஏழு ஆட்டத்தில் ஒன்றில் கை வெறுமையாகத்தான் இருக்கும். அந்த வெறுமையை முழுதாக ஒழிக்க நினைத்து மேலும் சேர்த்தால், தற்காப்புச் சீட்டுக்கு இடம் இருக்காது. இன்னொன்றும் உண்டு. தேடித் தரும் சீட்டும் மூலச் சீட்டும் கணக்கில் ஒன்றுதான், ஆட்டத்தில் ஒன்றல்ல. எதிராளி கையில் ஆஷ் பிளாசம் இருந்தால் தேடும் முயற்சி அங்கேயே நின்றுவிடும். 57.7 என்பது தடை ஏதும் இல்லாதபோது கிடைக்கும் உச்சம்.

ஒரே கையில் இரண்டு வகையும் வேண்டுமென்றால் கணக்கு இன்னும் கொஞ்சம் நீளும். தொடக்கச் சீட்டு பன்னிரண்டு, தற்காப்புச் சீட்டு பத்து வைத்த கட்டை எடுத்துக்கொள்ளலாம். தொடக்கச் சீட்டு ஒன்றும் வராமல் போக 14.9, தற்காப்பு ஒன்றும் வராமல் போக 21.7. இரண்டுமே வராத கைகள் இரண்டு எண்ணிலும் இடம்பெற்றிருப்பதால் அந்த 1.3-ஐத் திரும்பக் கூட்ட வேண்டும். 100-லிருந்து 14.9-உம் 21.7-உம் கழித்து 1.3 கூட்டினால் 64.7. இரண்டு வாய்ப்புகளையும் நேராகப் பெருக்கினால் 66.6 என்று கொஞ்சம் அதிகமாகக் காட்டும். ஐந்தே இடம் உள்ள கையில் ஒருவகைச் சீட்டு ஓர் இடத்தைப் பிடித்தால் மற்றதற்கு இடம் குறைகிறது என்பதைப் பெருக்கல் கவனிப்பதில்லை.

நல்ல சீட்டு ஒன்று மிஞ்சிவிட்டால் 41-ஆவதாக அதையும் செருகிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். மூன்று பிரதிக்கான 33.8 அப்போது 33.0 ஆகிறது. ஒரு புள்ளிகூட இல்லை, பெரிய குற்றமல்ல. 60 வரை போனால் 23.3-க்கு இறங்கிவிடும். 40 சீட்டில் இரண்டு பிரதி வைத்தவருக்குக் கிடைக்கும் வாய்ப்பும் அவ்வளவுதான். சாதாரணக் கட்டுக்கு அது தாங்காத நஷ்டம்.

இந்த எண்களெல்லாம் கட்டு முழுமையாகக் கலைந்திருக்கிறது என்ற ஒரே நம்பிக்கையில் நிற்கின்றன. கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று விரவவிடும் முறையில் 52 சீட்டு நன்றாகக் கலைய ஏறக்குறைய ஏழு முறை வேண்டும் என்று டேவ் பேயரும் பெர்சி டயாகோனிஸும் 1992-இல் நிறுவினார்கள். முந்தைய ஆட்டத்தில் சேர்ந்து கிடந்த சீட்டுகளை இரண்டு தட்டு தட்டிவிட்டு ஆடினால், அவை சேர்ந்தேதான் வரும். எந்தச் சூத்திரமும் அப்போது பொருந்தாது.

'எனக்கு மட்டும் அந்தச் சீட்டு வருவதே இல்லை' என்று தோன்றுகிறவர்கள் ஒரு நோட்டில் நூறு ஆட்டங்களின் தொடக்கக் கையைக் குறித்துவைக்கலாம். மூன்று பிரதி வைத்த 40 சீட்டுக் கட்டில் 34 முறையை ஒட்டி வரவேண்டும். 25 முதல் 43 வரை எது வந்தாலும் அது இயல்பான ஏற்ற இறக்கம்தான். 15 முறைதான் வந்தது என்றால் கலைக்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள்.