அணியில் மிக நீண்ட மலை: ஒரே தடவை வாசித்துக் கணித்தல்

எண்களின் அணியொன்று தரப்பட்டுள்ளது. அதில் ஒன்றையடுத்து ஒன்றாகத் தொடர்ந்து நிற்கும் சில மூலகங்கள் முதலில் ஏறி, ஓர் உச்சியை அடைந்து, பின்னர் இறங்குமாயின் அப்பகுதியை ‘மலை’ என அழைப்போம். ஏற்றம் கண்டிப்பானதாக இருத்தல் வேண்டும். அதாவது ஒவ்வொரு மூலகமும் தனக்கு முன்னையதிலும் பெரிதாதல் வேண்டும். இறக்கமும் அவ்வாறே. ஏற்றம் மட்டுமோ இறக்கம் மட்டுமோ உள்ள பகுதி எத்துணை நீளமாயினும் மலையாகாது. ஆகவே மலையின் மிகக் குறைந்த நீளம் 3 ஆகும். அணியிலுள்ள மிக நீண்ட மலையின் நீளம் யாது என்பதே வினா. மலை எதுவும் இல்லையெனின் விடை பூச்சியம்.

‘தொடர்ந்து நிற்கும்’ என்ற நிபந்தனையை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். இடையிலுள்ள மூலகங்களைத் தவிர்த்துச் செல்லலாம் எனின் அது வேறொரு வினா. அதற்குக் கூடிய வேலை தேவை. இக்கட்டுரை முழுவதும் நாம் பயன்படுத்தவுள்ள அணி இது:

```
6 4 5 8 7 3 9 9 5 4 2 1
```

இதில் மிக நீண்ட மலை 4, 5, 8, 7, 3 என்பதாகும். அதன் நீளம் 5. தவிர்த்துச் செல்ல இடமளித்தால் 4, 5, 8, 9, 5, 4, 2, 1 என எட்டு மூலகங்களை எடுத்துவிடலாம். அது நமது வினாவுக்கு விடையன்று.

இவ்வினாவுக்கு இலகுவில் தோன்றும் வழி, உச்சிகளைத் தேடுவதாகும். இருபுறத்து அயல் மூலகங்களிலும் பெரிதான மூலகத்தைக் கண்டதும், அங்கிருந்து இடப்புறமும் வலப்புறமும் இறங்கிச்சென்று அடிவாரங்களைக் காணலாம். இது பிழையான வழியன்று. வேகத்திலும் பெரிய குறை இல்லை. ஆயினும் அது பின்னோக்கிச் செல்கின்றது. கடந்துபோன மூலகங்கள் யாவும் நினைவகத்தில் இருந்தாலன்றி அது இயலாது. அளவீடுகள் ஒவ்வொன்றாக வந்து கடந்துசெல்லும் சந்தர்ப்பத்தில் திரும்பிப் பார்ப்பதற்கு எதுவும் எஞ்சியிராது. ஆகவே, முன்னோக்கி ஒரு தடவை மட்டும் வாசித்து விடை காண முடியுமா என்பதே நாம் ஆராய விரும்புவது.

முடியும். அதற்கு முன்னைய மூலகத்தின் பெறுமானத்தோடு மூன்று எண்கள் மட்டும் போதுமானவை: இப்போதைய மலையில் ஏறிய படிகளின் எண்ணிக்கை, இறங்கிய படிகளின் எண்ணிக்கை, இதுவரை கண்ட மிகப் பெரிய நீளம். பைதன் மொழியில் அதன் செய்நிரல் வருமாறு:

```python
def longest_mountain(a):
    best = up = down = 0
    for i in range(1, len(a)):
        if a[i] == a[i-1] or (down > 0 and a[i] > a[i-1]):
            up = down = 0
        if a[i] > a[i-1]:
            up += 1
        elif a[i] < a[i-1]:
            down += 1
        if up > 0 and down > 0:
            best = max(best, up + down + 1)
    return best
```

நாம் எண்ணுவது படிகளையே, மூலகங்களையன்று. ஏற்றத்தில் இரண்டு படிகளும் இறக்கத்தில் இரண்டு படிகளும் உள்ள மலையில் ஐந்து மூலகங்கள் இருக்கும். இறுதியில் 1 கூட்டப்படுவது இதனாலேயே.

இந்நெறிமுறையின் உயிர்நிலை எண்ணுவதில் இல்லை. எப்போது மறப்பது என்பதில் உள்ளது. நமது அணியை வைத்துப் பார்ப்போம். 6 இலிருந்து 4 இற்கு வருகையில் இறக்கம் 1 ஆகின்றது. ஏற்றம் பூச்சியமாக இருப்பதால் மலை இல்லை. அடுத்து 5 வருகின்றது. இறங்கிய பின் ஏறுகின்றோம்; எனவே இரண்டு எண்ணிக்கைகளும் பூச்சியமாக்கப்பட்டு, ஏற்றம் 1 எனத் தொடங்குகின்றது. 8 இல் ஏற்றம் 2. 7 இல் இறக்கம் 1, நீளம் 4. 3 இல் இறக்கம் 2, நீளம் 5. பின்னர் 9 வருகின்றது. மீண்டும் பள்ளத்திலிருந்து ஏறுகின்றோம். பழையவை மறக்கப்பட்டு ஏற்றம் 1 ஆகின்றது. அடுத்ததும் 9. சமன் வந்தமையால் யாவும் பூச்சியம். அதன் பின் 5, 4, 2, 1 என இறக்கம் 4 வரை வளர்கின்றது. ஆனால் ஏற்றம் பூச்சியமாகவே நிற்பதால் மலை உருவாவதில்லை. விடை 5.

மறப்பதற்கான நிபந்தனைகள் இரண்டில் ஒன்றை விட்டுவிட்டால் என்ன நிகழும்? சமன் வரும்போது எதுவும் செய்யாது விட்டோமென்க. முதலாவது 9 இல் பெற்ற ஏற்றம் 1 அப்படியே நிற்கும். இறக்கம் 4 வரை வளரும். செய்நிரல் 6 என விடை தரும். 3, 9, 9, 5, 4, 2, 1 என்ற அப்பகுதியில் உள்ளவையோ ஏழு மூலகங்கள். அது மலையுமன்று, அதன் நீளம் 6 உமன்று. பள்ளத்தில் மறக்கத் தவறினாலோ 7 என்ற விடை, 3 இலிருந்து 9 இற்கு ஏறும் அக்கணத்திலேயே கிடைத்துவிடும். இருவேறு பிழைகளும் பிழையான விடையையே தருவதால், விடை பிழை என்பதை மட்டும் பார்த்துக் காரணத்தைக் கூறிவிட முடியாது. ஒவ்வொரு படியிலும் மூன்று எண்களையும் எழுதிப் பார்ப்பதே வழி. ஏற்கெனவே இறக்கம் பூச்சியமல்லாத நிலையில் ஏற்றம் கூடுமாயின், பிழை அங்கேதான் உள்ளது.

இவற்றிலும் நுண்ணிய பிழை ஒன்றுண்டு. பள்ளத்தில் மறப்பவர் சிலர், அப்படியை எண்ணாமலே அடுத்த மூலகத்துக்குச் சென்றுவிடுவர். 1, 3, 2, 4, 1, 0 என்ற அணியை நோக்குக. 1, 3, 2 என்பது ஒரு மலை. 2, 4, 1, 0 என்பது மற்றொன்று. இரண்டாவதன் நீளம் 4, விடையும் அதுவே. இங்கு 2 என்ற மூலகம் இரண்டு மலைகளுக்கும் உரியது: ஒன்றின் முடிவும் மற்றதன் தொடக்கமும் அதுவே. 2 இலிருந்து 4 இற்கு ஏறும் படியை எண்ணாது விட்டால் ஏற்றம் பூச்சியமாகவே இருந்துவிடும். இரண்டாவது மலை முழுவதும் மறைந்து, விடை 3 ஆகும். செய்நிரலில் மறக்கும் வரி எண்ணும் வரிக்கு முன்னர் நிற்பதும், இரண்டுக்குமிடையே ‘அன்றேல்’ என்ற பிரிப்பு இல்லாதிருப்பதும் இக்காரணத்தாலேயே.

ஒரே தடவை வாசிப்பது ஏன் போதுமானது என்பதும் இவ்விடத்திலேயே புலனாகின்றது. இயன்ற அளவு நீட்டப்பட்ட இரு மலைகள் ஒரு மூலகத்துக்கு மேல் தம்முள் பகிர்ந்துகொள்ள முடியாது. பகிரப்படுவதும் பள்ளத்து மூலகம் மட்டுமே. புதிய மலை ஏறத் தொடங்கும் கணத்தில் அது சரியாக முன்னைய மூலகமாக நம் கையில் இருக்கின்றது. அதற்கு முந்தியவை எவையும் இனித் தேவைப்படா. சமனின் நிலையும் இத்தகையதே: இரண்டாவது 9 இலிருந்து ஏற்றம் தொடங்கியிருப்பின் அது புதிய மலையின் அடிவாரமாகியிருக்கும். இங்கு அது இறங்கிவிட்டமையால் பயனற்றுப் போயிற்று.

நெறிமுறை சரியாக இருந்தும் விடை பொருளற்றுப் போகக்கூடிய நிலையும் உண்டு. ஓர் ஆற்றின் நீர்மட்டம் மீற்றரில் 2.1, 2.3, 2.6, 2.9, 2.7, 2.2 எனப் பதியப்பட்டதெனக் கொள்வோம். ஆறு அளவீடுகளும் சேர்ந்து ஒரே மலை. இவற்றை முழு எண்களாக மட்டந்தட்டினால் 2, 2, 3, 3, 3, 2 எனவாகும். சமன்கள் குறுக்கிட்டு விடை பூச்சியமாகின்றது. வெள்ளம் வந்து வடிந்திருக்கிறது. அட்டவணையில் அது இல்லை. மறுபுறம், அளவுகோலின் சிறு நடுக்கத்தால் 2.3 இற்குப் பின் 2.2 என ஒரு வாசிப்பு நுழைந்துவிட்டால், 2.1, 2.3, 2.2, 2.6, 2.9, 2.7, 2.2 என்ற அந்த ஏழு அளவீடுகளும் 3, 5 என்ற நீளமுடைய இரு மலைகளாகப் பிளவுபடும். எவ்வளவு சிறிய வேறுபாட்டைச் சமனெனக் கொள்வது, சமன் வந்தபோது மலையை முறிப்பதா தொடர்வதா என்பவற்றை அளவிடும் கருவியின் நுட்பத்தை அறிந்தவரே தீர்மானித்தல் வேண்டும். அத்தீர்மானத்துக்கேற்ப மறக்கும் வரியையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.