கடிதத்தில் இரண்டு தேதிகள்

என் அக்கா மகன் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தான். சேர்ந்தது 2024 ஜூன் 3. ஆறு மாத ப்ரொபேஷன், மாதம் 32,000 ரூபாய் சம்பளம், ‘உறுதிப்படுத்திய பின் 35,000’ என்று வாக்கு. டிசம்பர் 2 வந்தது, போனது. கடிதம் வரவில்லை. டிசம்பர் சம்பளம் பழைய கணக்கிலேயே வந்தது. எச்.ஆரில் கேட்டதற்கு, “ப்ராசஸ்ல இருக்குப்பா” என்றார்கள். அதற்குள் வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. ஜனவரி 10 அன்று ராஜினாமா கொடுத்தான். நோட்டீஸ் 30 நாள், அதாவது பிப்ரவரி 9. மறுநாள் திங்கட்கிழமை புது இடத்தில் சேர வேண்டும்.

ஜனவரி 20 அன்று அவன் மேசைக்கு ஒரு கவர் வந்தது. கன்ஃபர்மேஷன் லெட்டர். சம்பளம் 35,000; டிசம்பர் 3 முதல் அமல்; நோட்டீஸ் பீரியட் 60 நாள். பிப்ரவரி 9 என்பது ஒரே தாளில் மார்ச் 11 ஆகிவிட்டது.

“மாமா, அரியர்ஸ் தர்றாங்கன்னு சந்தோஷப்பட்டேன். அடுத்த பாராவைப் பாருங்க” என்று போனில் படம் அனுப்பினான்.

பல வருடம் இந்தக் கடிதங்களை எழுதும் வேலையில் இருந்தவன் நான். என் அனுபவத்தில் இந்தக் கடிதத்தை வாங்குகிறவர்கள் சம்பள எண்ணைப் பார்ப்பார்கள், கடைசியில் கையெழுத்துப் போடுவார்கள். நடுவில் இருப்பதைப் படிப்பவர் குறைவு. தலைப்பில் இருப்பது கடிதம் எழுதிய தேதி, உள்ளே இருப்பது அமலுக்கு வரும் தேதி. இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரச்சினை இல்லை. கடிதம் தாமதமாகும்போது இரண்டுக்கும் இடையே ஒரு இடைவெளி விழும். அந்த இடைவெளியில் எது பின்னோக்கிப் போகலாம், எது போகக் கூடாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சம்பளம் பின்னோக்கிப் போகலாம், போகவும் வேண்டும். ப்ரொபேஷன் டிசம்பர் 2 அன்று முடிந்தால் மறுநாளிலிருந்து புதுச் சம்பளம். கணக்கு எளிது: உயர்வு 3,000 ரூபாய்; டிசம்பரில் 3 முதல் 31 வரை 29 நாள்; 3,000-ஐ 31-ஆல் வகுத்து 29-ஆல் பெருக்கினால் 2,806 ரூபாய். ஜனவரிக்கு முழு 3,000. சில நிறுவனங்கள் சம்பளப் பட்டியல் வசதிக்காக ‘அடுத்த மாதம் 1-ஆம் தேதி முதல்’ என்று போட்டுவிடும். டிசம்பர் 3-க்குப் பதில் ஜனவரி 1 என்று வந்தால் போனது அந்த 2,806. பெரிய தொகை இல்லை என்று ஆளும் விட்டுவிடுவார், நிறுவனமும் மறந்துவிடும்.

நோட்டீஸ் அப்படியல்ல. அது பணியாளர் மீது விழும் சுமை. அவர் அறியாத நிபந்தனையை, அவர் ராஜினாமா கொடுத்து முடித்தபிறகு, முன்தேதியிட்டு மாட்டுவது முறையில்லை. கவனமாக எழுதும் எச்.ஆர். ஆள் இரண்டையும் பிரித்து எழுதுவார்: ‘சம்பள உயர்வு 3.12.2024 முதல், நோட்டீஸ் கால மாற்றம் இக்கடிதத்தைத் தாங்கள் பெற்றுக்கொண்ட நாள் முதல்.’ இந்த ஒரு வரி இருந்திருந்தால் அக்கா மகன் எனக்குப் போன் பண்ணியிருக்க மாட்டான்.

அவனுடைய பணி நியமனக் கடிதத்தை அனுப்பச் சொன்னேன். ஆஃபர் லெட்டரை அல்ல. அது வேறு, சுருக்கமாக இருக்கும். நியமனக் கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில் நான் எதிர்பார்த்த வரி இருந்தது: நிர்வாகம் எழுத்துமூலம் உறுதிப்படுத்தும்வரை ப்ரொபேஷன் தொடர்வதாகவே கருதப்படும், அக்காலத்தில் நோட்டீஸ் 30 நாள். நிறுவனம் தன் பாதுகாப்புக்காகப் போடும் வரி இது. ஆறு மாதம் கடந்துவிட்டது என்பதாலேயே ஒருவர் ‘நான் நிரந்தரம்’ என்று சொல்லிவிடக் கூடாதே. ஆனால் அந்த வரிப்படி ஜனவரி 10 அன்று இவன் ப்ரொபேஷனில்தான் இருந்தான். அப்படியானால் கொடுத்த 30 நாள் நோட்டீஸ் சரி.

தானாக உறுதிப்படுவது உண்டா இல்லையா என்பது பழைய வழக்கு. 1968-இல் பஞ்சாப் ஆசிரியர்கள் சம்பந்தப்பட்ட தரம் சிங் வழக்கில், விதியே ‘ப்ரொபேஷன் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது’ என்று வரம்பு கட்டியிருந்ததால், அதைத் தாண்டியும் வேலையில் வைத்திருந்தது உறுதிப்படுத்தியதற்குச் சமம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வரம்பு எதுவும் இல்லாமலோ, எழுத்தில் உத்தரவு வேண்டும் என்றோ விதி இருந்தால் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் பிற தீர்ப்புகளின் பொதுவான போக்கு. அவை அரசுப் பணி வழக்குகள். தனியாரில் முதலில் பார்க்க வேண்டியது நியமனக் கடிதத்தின் வாசகத்தை. ஆகவே கடிதம் வராமல் ஏழாவது மாதம் ஓடுகிறது என்றால், பிரச்சினை இல்லை என்று சும்மா இருக்காதீர்கள். ப்ரொபேஷனை நீட்டிப்பதாக இருந்தால் அந்தக் கடிதமும் காலம் முடிவதற்கு முன்பே, எத்தனை மாதம், என்ன காரணம் என்று வர வேண்டும்.

கடிதத்தில் இன்னொரு இடத்திலும் தேதி ஏமாற்றும். ‘உங்கள் பணிக்காலம் 3.12.2024 முதல் கணக்கிடப்படும்’ என்று யாராவது எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். பணிக்கொடைக்கான ஐந்து ஆண்டு சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடுகிறது. பி.எஃப். பிடித்தமும் தகுதியுள்ளவருக்குச் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. ‘கன்ஃபர்ம் ஆனபிறகு பி.எஃப். போடுவோம்’ என்பது சட்டம் அறியாத பேச்சு. உறுதிப்படுத்தும் தேதி மாற்றுவது நியமனக் கடிதம் மாறும் என்று சொன்னவற்றை மட்டும்: சம்பளம், நோட்டீஸ், சில இடங்களில் விடுப்பும் மருத்துவக் காப்பீடும்.

மாறாதவற்றுக்கு ஒரு வரி வேண்டும்: ‘நியமனக் கடிதத்தின் மற்ற நிபந்தனைகள் அப்படியே தொடரும்.’ இந்த வரி இல்லாமல் நான்கு பக்கத்துக்குப் புது நிபந்தனைகள் வந்தால், அது உறுதிப்படுத்தும் கடிதம் இல்லை, புது ஒப்பந்தம். போட்டி நிறுவனத்தில் ஓராண்டு சேரக் கூடாது, பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்பதெல்லாம் இப்படித்தான் உள்ளே நுழையும். நல்ல கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டாது.

அக்கா மகன் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. நியமனக் கடிதத்தின் வரியைச் சுட்டி, ராஜினாமா கொடுத்த நாளில் தான் ப்ரொபேஷனில் இருந்ததாக நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பினான். இரண்டு நாள் கழித்து எச்.ஆர். மேலாளர் கூப்பிட்டு, “30 நாள்லயே விட்டுர்றோம் தம்பி, ஆனா கன்ஃபர்மேஷனும் கேன்சல்” என்றார். நியாயம்தான், ப்ரொபேஷனில் இருந்தேன் என்று சொல்லிவிட்டு உறுதியானவனின் சம்பளத்தையும் கேட்க முடியாது. ஃபுல் அண்ட் ஃபைனல் கணக்கில் அந்த 2,806 ரூபாய் வரவில்லை. ஜனவரிக்கும் பழைய 32,000 தான்.

புது இடத்திலும் ஆறு மாத ப்ரொபேஷன். இந்த முறை ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே, காலம் முடியுமுன், கடிதம் கேட்டு எச்.ஆருக்கு எழுதிவிட்டான். நீங்களும் ப்ரொபேஷனில் இருந்தால் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து, அதற்கு ஒரு வாரம் முன்பே இரண்டு வரி எழுதிப் போடுங்கள். கடிதம் கைக்கு வரும்போது, வாங்கிய தேதியைப் போட்டுக் கையெழுத்திடுங்கள்.