முதல் சம்பளத்தில் முதல் டூர்: ஒரே மாதத்தில் முடிக்க நினைக்காதீங்க, மூன்று சம்பளமாகப் பிரிங்க!

முதல் சம்பளம் வந்ததும் மொபைலில் முதலில் தேடுவது என்ன? நம்மில் பலருக்கு விடை ஒன்றுதான்: எங்கேயாவது போகணும். அதுவும் யார் கையையும் எதிர்பார்க்காமல், நம்ம காசில்.

ஆனால், அங்கேதான் முதல் சிக்கல். முதல் சம்பளம் பெரும்பாலும் முழுச் சம்பளமாக இருக்காது. என் கதையையே எடுத்துக்கொள்வோம். கைக்கு வரும் மாதச் சம்பளம் 24,000 ரூபாய். 2025 ஜூன் 9-ம் தேதி வேலையில் சேர்ந்ததால் 22 நாள்களுக்கு மட்டுமே கணக்குப் போட்டார்கள். வந்தது 17,600. அதில் ஹாஸ்டலுக்கு 7,500, வீட்டுக்கு 5,000. மிச்சம் 5,100-ல்தான் சாப்பாடு, பஸ், ரீசார்ஜ் எல்லாம். இதில் டூருக்கு எங்கே போவது?

இருந்தாலும் அம்மாவை ராமேஸ்வரத்துக்கு அழைத்துப் போனேன், கடன் வாங்காமல். அதற்கு வழிவிட்டது ரயில்வேயின் ஒரு விதி.

60 நாள் விதி நமக்குச் சாதகம்

2024 நவம்பர் முதல் ரயில் டிக்கெட்டை 60 நாள்களுக்கு முன்புதான் புக் செய்ய முடியும். அதாவது, இன்று டிக்கெட் எடுத்தால் பயணம் இரண்டு மாதம் கழித்து. அதற்குள் இன்னும் இரண்டு சம்பளம் வந்துவிடும். எனவே முதல் சம்பளத்தில் டிக்கெட், இரண்டாவதில் அறை, மூன்றாவதில் கைச்செலவு என்று பிரித்தேன். எந்த மாதமும் பெரிதாகக் கடிக்கவில்லை. பணம் கட்டும் பக்கத்தில் ‘பிறகு கட்டலாம்’, ‘இஎம்ஐ’ என்று கண் சிமிட்டும் பட்டன்களைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

முதல் சம்பளம்: டிக்கெட்

ஆகஸ்ட் 29 வெள்ளி மாலை கிளம்பி, 31 ஞாயிறு திரும்புவது திட்டம். லீவு தேவையில்லை. வெள்ளிக்கிழமை சீக்கிரம் கிளம்ப பர்மிஷன் மட்டும் கேட்டால் போதும். புது வேலையில் இது முக்கியம்.

வெள்ளிக்கிழமை ரயிலுக்கு முன்பதிவு ஜூன் 30 திங்கள் காலை 8 மணிக்குத் திறந்தது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 60 நாள் கணக்கு ஒவ்வொரு பயணத் தேதிக்கும் தனித்தனி. ஞாயிற்றுக்கிழமை திரும்பும் டிக்கெட் ஜூலை 2 புதன்கிழமைதான் திறக்கும். போகும் டிக்கெட்டை எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினால், திரும்பும் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போய்விடும். இரண்டு நாளுக்கும் அலாரம் வையுங்கள்.

ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் முன்பதிவு திறந்ததும் ஆன்லைனில் புக் செய்ய முடியாது. அம்மாவின் வயதைச் சரியாகப் போடுங்கள். 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கு, காலியாக இருந்தால் கீழ் பெர்த்தைக் கணினியே ஒதுக்கப் பார்க்கும்.

ஆர்ஏசி கிடைத்தால் பயப்பட வேண்டாம், உட்கார இடம் உண்டு. ஆனால், ஆன்லைனில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் சார்ட் தயாரான பிறகும் உறுதியாகவில்லை என்றால் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறக் கூடாது. ஸ்லீப்பரில் இரண்டு பேருக்கு, போக வர எனக்கு ஆன செலவு 1,800-க்குள்.

இரண்டாவது சம்பளம்: அறை

லாட்ஜுக்கு போன் செய்ததும் எல்லோரும் கேட்பது வாடகை. அதற்கு முன் கேட்க வேண்டியது, “24 மணி நேர செக்-அவுட்டா, இல்லை பகல் 12 மணிக்கா?”

ரயில் போய்ச் சேர்வது விடியற்காலை. 12 மணி கணக்கு வைத்திருக்கும் இடத்தில் அந்த நேரத்தில் அறை கேட்டால், முந்தைய நாளுக்கும் சேர்த்து வாடகை கேட்கலாம். 24 மணி நேரக் கணக்கு என்றால் சனி காலை 6 முதல் ஞாயிறு காலை 6 வரை ஒரே வாடகை. எனக்கு 1,500 ரூபாய். ஞாயிறு காலை அறையைக் காலி செய்துவிட்டு, பைகளை ரிசப்ஷனில் வைத்துக்கொள்ளலாமா என்பதையும் போனிலேயே கேட்டுவிட்டேன். “வச்சுக்கலாம் தம்பி” என்றார்கள்.

இன்னொன்று, அறை கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கட்டும். காரணம் அடுத்து வருகிறது.

மூன்றாவது சம்பளம்: கைச்செலவு

இதற்கு 4,000 ஒதுக்கினேன். 3,000 செலவுக்கு, 1,000 தொடக் கூடாத பணம். ரயில் தாமதம், திடீர் ஆட்டோ, மருந்து என்று ஏதாவது வந்தால் மட்டும்.

சனிக்கிழமை கோயிலுக்கு. அக்னி தீர்த்தம் எனப்படும் கடலில் குளித்துவிட்டு, கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களில் ஒவ்வொன்றாக வாளித் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். டிக்கெட்டைக் கோயில் கவுன்ட்டரில் எடுங்கள், வெளியே ‘நான் கூட்டிட்டுப் போறேன்’ என்பவர்களிடம் பேரம் பேச வேண்டாம். ஈர உடையோடு சுவாமி தரிசனத்துக்கு விட மாட்டார்கள், அதனால் மாற்றுத்துணி அவசியம். செல்போனுக்கும் அனுமதியில்லை. அறை பக்கத்தில் இருந்தால் போனை அங்கேயே வைத்துவிட்டு வரலாம், நனைந்தபடி ஆட்டோ தேட வேண்டியதில்லை.

ஞாயிறு காலை தனுஷ்கோடி. தனி ஆட்டோவுக்குப் பதில் அரசு பஸ் பிடித்தோம், செலவு பெருமளவு குறைந்தது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. இடிந்த தேவாலயமும் ரயில் நிலையத்தின் மிச்சமும் இப்போதும் நிற்கின்றன. சாலை அரிச்சல்முனையில் முடிகிறது. நிழல் கிடையாது, தண்ணீர் பாட்டிலும் குடையும் எடுத்துப் போங்கள். மாலைக்குப் பிறகு அங்கே இருக்க அனுமதியில்லை என்பதால் காலை நேரமே நல்லது.

போகும்போது பாம்பனை இருட்டில் கடந்துவிட்டோம். அதனால் திரும்புவதற்குப் பகல் வெளிச்சத்தில் கிளம்பும் ரயிலாகப் பார்த்தே எடுத்திருந்தேன். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் ரயில் ஏறியதும் அம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. அதுவரை டீ குடித்தால்கூட “இது எவ்ளோடா ஆச்சு?” என்று கேட்டவர், அந்த இரண்டு கிலோமீட்டரும் ஒன்றும் கேட்கவில்லை.

மொத்தக் கணக்கு

டிக்கெட் 1,800, அறை 1,500, கைச்செலவு 3,000. ஆக, இரண்டு பேருக்கு 6,300 ரூபாய். தொடக் கூடாத 1,000 அப்படியே திரும்பி வந்தது.

இதே கணக்கை உங்கள் ஊருக்கும் தொகைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். முதலில் மூன்று மாதமும் எவ்வளவு ஒதுக்க முடியும் என்று எழுதுங்கள். அதற்குள் அடங்கும் ஊரை அப்புறம் தேடுங்கள். ஊரை முதலில் முடிவு செய்தால், பணம் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கும்.

தாம்பரத்தில் இறங்கியபோதுதான் தெரிந்தது. அம்மா கைப்பையில், கர்ச்சீப்பில் முடிந்து 2,000 ரூபாய் வைத்திருந்தார். “உனக்குப் பத்தலைன்னா குடுக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். நீ கேக்கவே இல்ல” என்றார்.